சாய்ந்த வளைவில் ஒரு கார்: இரண்டு வேக எல்லைகள் எங்கிருந்து வருகின்றன?

மாணவன் ஒருவன் புத்தகப் பக்கத்தைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தான். பக்கத்தின் ஒரு மூலையில் கை நிழல். தைத்த ஓரத்தில் தாள் வளைந்துகொண்டதால் வளைவின் ஆரம் 80 மீட்டரா, 30 மீட்டரா என்று முதலில் தெரியவில்லை. கீழே அச்சாகியிருந்த விடையில் 23 மீ/வி என்று இருந்தது. 30 என்று போட்டால் 14தான் வருகிறது. ஆகவே 80.

கணக்கு இதுதான். 80 மீட்டர் ஆரமுள்ள வளைவு. சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தி 20° சாய்வு கொடுத்திருக்கிறார்கள். ஈரமான சாலைக்கும் டயருக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.25. (அ) உராய்வே தேவைப்படாத வேகம் எது? (ஆ) சறுக்காமல் போகக்கூடிய அதிகபட்ச, குறைந்தபட்ச வேகங்கள் எவை? (இ) சாலை காய்ந்து குணகம் 0.7 ஆனால் அந்த எல்லைகள் என்னவாகும்?

படத்தோடு ஒரு வரியும் வந்திருந்தது: "சார், (அ) கிட்டத்தட்ட வந்துடுச்சு, (ஆ)ல ரெண்டுக்கும் ஒரே விடை வருது, (இ)ல ரூட்டுக்குள்ள மைனஸ் வருது. காரோட நிறையும் குடுக்கலை."

இந்தக் கணக்கில் தடுக்கி விழக்கூடிய எல்லா இடங்களும் இந்த ஒரே வரியில் இருக்கின்றன. ஆனால் மூன்றும் ஒரே வகைத் தவறு இல்லை. மூன்றில் ஒன்று தவறே இல்லை.

முதலில் படத்தைப் படிக்க வேண்டும். காரைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார்கள். இடப்பக்கம் தாழ்வு, வலப்பக்கம் மேடு. இப்படி வரைந்த படத்தில் வளைவு கண்ணுக்குத் தெரியாது, சரிவு மட்டுமே தெரியும். அதனால்தான் பார்த்ததும் சாய்தளக் கணக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. வட்டத்தின் மையம் எங்கே என்பதைப் படம் சொல்லாது, நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். உயர்த்தியிருப்பது வெளிவிளிம்பு, ஆகவே மையம் தாழ்ந்த பக்கத்தில், அதாவது இடப்பக்கம் இருக்கிறது. அது சரிவின் அடியில் இல்லை. கார் இருக்கும் அதே உயரத்தில், கிடையாக 80 மீட்டர் தள்ளி இருக்கிறது. கார் சுற்றும் வட்டம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் வட்டம். அதன் ஆரம் சரிவைத் தொட்டுக்கொண்டு சாய்ந்து இறங்குவதில்லை. முழுக் கணக்கும் இந்த ஒரு உண்மையில்தான் நிற்கிறது.

இன்னொன்று. செல்பேசியைச் சாய்த்துப் பிடித்ததால் படத்தில் அடிக்கோடே சில டிகிரி சாய்ந்திருந்தது. கண்ணளவில் எது கிடை, எது மேல் என்று முடிவு செய்தால் 20° சரிவு 25° போலத் தெரியும். படத்தில் புவியீர்ப்பு அம்பு எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் 'கீழ்'. அதற்குக் குறுக்கே போவது கிடை. மற்றதெல்லாம் அதிலிருந்து.

காரின் மேல் செயல்படும் விசைகள் மூன்றே. எடை mg நேராகக் கீழே. சாலை காரைத் தாங்கும் செங்குத்து விசை N. சாலைப் பரப்பை ஒட்டிய உராய்வு f. மையநோக்கு விசை என்று நான்காவதாக ஒரு அம்பு போடக்கூடாது. மையநோக்கு விசை என்பது இந்த மூன்றும் சேர்ந்து செய்யும் வேலைக்குப் பெயர். மூன்றோடு அதையும் சேர்த்து வரைவது, வீட்டில் இருப்பவர்களை எண்ணும்போது 'குடும்பம்' என்று ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்ப்பது மாதிரி.

'செங்குத்து விசை' என்ற பெயரே நம் மாணவர்களுக்கு ஒரு பொறி. பேச்சில் செங்குத்து என்றால் நட்டுக்குத்தாக, நேர் மேலே என்று பொருள். 'செங்குத்தான மலை' என்கிறோம். ஆனால் இந்த விசை நேர் மேலே போவதில்லை, சாலைப் பரப்புக்குச் செங்கோணத்தில் போகிறது. சாலை 20° சாய்ந்தால் N அம்பும் நிலைக்குத்திலிருந்து 20° சாய்ந்து மையத்தின் பக்கம் திரும்பும். சமதளத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வெளியே தெரியாது. இந்தக் கட்டுரையில் நேர் மேல்கீழ்த் திசையை 'நிலைக்குத்து' என்றே சொல்கிறேன்.

இனி விசைகளைக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். சாய்தளக் கணக்கில் சரிவை ஒட்டி ஓர் அச்சு, அதற்குக் குறுக்கே ஓர் அச்சு என்று எடுத்துப் பழகியிருக்கிறோம். அங்கே அது நல்ல பழக்கம்தான், ஏனென்றால் பொருள் சரிவை ஒட்டியே நகர்கிறது, முடுக்கமும் சரிவை ஒட்டியே இருக்கிறது. இங்கே கார் சரிவில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முடுக்கம் v²/r கிடையாக மையத்தை நோக்கி இருக்கிறது. ஆகவே ஓர் அச்சைக் கிடையாக மையம் நோக்கியும், மற்றதை நிலைக்குத்தாகவும் வைத்தால் ஒரு சமன்பாட்டில் மட்டும் முடுக்கம் வரும், மற்றதில் பூச்சியம்.

N நிலைக்குத்தோடு θ கோணம் செய்வதால் அதன் நிலைக்குத்துக் கூறு N cosθ, கிடைக் கூறு N sinθ. எது sin, எது cos என்று சந்தேகம் வந்தால் θ = 0 என்று போட்டுப் பாருங்கள். சமதளச் சாலையில் N பக்கவாட்டில் தள்ளுவதில்லை, ஆகவே கிடைக் கூறு பூச்சியமாக வேண்டும். அது sin மட்டும்தான். மனப்பாடத்தைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

முதலில் (அ). உராய்வு இல்லை என்றால்:

N cosθ = mg
N sinθ = mv²/r

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் tanθ = v²/(rg). நிறை அடிபட்டுப் போகிறது, அதனால்தான் கணக்கில் கொடுக்கவில்லை. g = 9.8 என்று எடுத்தால் rg = 784, tan 20° = 0.364. v² = 285.4, v = 16.9 மீ/வி. மணிக்கு ஏறத்தாழ 61 கி.மீ.

மாணவனுக்கு வந்தது 15.9 மீ/வி. மணிக்கு 57 கி.மீ. "கிட்டத்தட்ட" என்று அவன் சொன்னது இதைத்தான். தசமத்தைத் திருத்தும்போது வந்த வித்தியாசம் என்று நினைத்திருக்கிறான். அது அப்படி வந்ததில்லை. சாய்தளப் பழக்கத்தில் N = mg cosθ என்று எழுதிவிட்டு, அதன் கிடைக் கூறை mv²/r-க்குச் சமப்படுத்தியிருக்கிறான். அப்படிச் செய்தால் tanθ வர வேண்டிய இடத்தில் sinθ cosθ வரும். விடை சரியான வேகத்தின் cosθ மடங்காகச் சுருங்கிவிடும். 20°-க்கு cosθ 0.94, ஆகவே ஆறு விழுக்காடு குறைவு. 5° சாய்வு என்றால் அரை விழுக்காடுகூட இல்லை, யாரும் கவனிக்கமாட்டார்கள். 45° என்றால் முப்பது விழுக்காடு அடிவாங்கும். சிறிய கோணத்தில் ஒளிந்துகொண்டு பெரிய கோணத்தில் வெளிப்படும் தவறு என்பதால்தான் இது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

அது ஏன் தவறு என்பதை எண்ணிலேயே காணலாம். நிறை அடிபட்டாலும் பார்க்க வசதியாக 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை 11,760 நியூட்டன். N = mg cosθ என்றால் N = 11,050 நியூட்டன். அதன் நிலைக்குத்துக் கூறு 11,050 × 0.94, ஏறத்தாழ 10,380 நியூட்டன். எடையை விட 1,380 நியூட்டன் குறைவு. உராய்வும் இல்லை என்று சொல்லிவிட்டோம். அப்படியானால் மிச்சத்தைத் தாங்குவது யார்? இந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாலைக்குள் புதைந்துபோக வேண்டும். சரியான N 12,515 நியூட்டன், அதாவது எடையை விட அதிகம். நிற்கும் காரைவிட வளைவில் ஓடும் காரைச் சாலை கூடுதலாக அழுத்துகிறது, ஏனென்றால் எடையைத் தாங்குவதோடு காரைத் திருப்பவும் வேண்டியிருக்கிறது. 'சாய்வு இருந்தால் N எடையை விடக் குறையும்' என்பது சாய்தளத்தில் பொருள் நிற்கும்போதும் சரிவை ஒட்டி நகரும்போதும் பொருந்தும் பாடம்.

இப்போது (ஆ). மணிக்கு 61 கி.மீ. வேகத்தில் காருக்கு உராய்வு தேவையில்லை. அதைவிட வேகமாகப் போனால் என்ன ஆகும்? திருப்ப அதிக விசை வேண்டும், N-இன் கிடைக் கூறு மட்டும் போதாது. கார் நேர்கோட்டில் போகவே பார்க்கும். வளைவில் நேர்கோடு என்பது வெளிவிளிம்பை நோக்கிப் போகும் பாதை, அதாவது சரிவில் மேலேறும் பாதை. அதைத் தடுக்க உராய்வு சரிவில் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. மெதுவாகப் போனால் கதை தலைகீழ். N-இன் கிடைக் கூறு தேவையை விட அதிகம், கார் உள்பக்கமாகக் கீழே இறங்கப் பார்க்கும், உராய்வு சரிவில் மேல்நோக்கித் திரும்பிவிடும்.

புத்தகப் படத்தில் உராய்வு அம்பு ஒன்றுதான், கீழ்நோக்கி. அது அதிகபட்ச வேகத்துக்கான படம். மாணவன் அதே படத்தை வைத்துக் குறைந்தபட்ச வேகத்தையும் கணக்கிட்டிருக்கிறான். சமன்பாடு அதேதான் என்றால் விடை வேறு எப்படி வரும்? இந்த இடத்தில் அவனைவிடப் படத்தையே நான் குறை சொல்வேன். இரண்டு எல்லைகளைக் கேட்கும் கணக்குக்கு இரண்டு படங்கள் போட்டிருக்க வேண்டும்.

அதிகபட்ச வேகத்தில் உராய்வு கீழ்நோக்கி, அதன் எல்லையைத் தொட்டு f = μN:

N sinθ + μN cosθ = mv²/r
N cosθ − μN sinθ = mg

இரண்டாவது வரியில் உராய்வு எடையின் பக்கம் சேர்ந்துகொள்வதைக் கவனியுங்கள். கீழ்நோக்கிய உராய்வுக்கு ஒரு நிலைக்குத்துக் கூறும் உண்டு, அது காரைத் தரையோடு அழுத்துகிறது. இந்தக் கூறை மறப்பவர்கள் நிறையப் பேர். வகுத்தால்:

v² = rg (tanθ + μ) / (1 − μ tanθ)

எண்களைப் போட்டால் மேலே 0.614, கீழே 0.909. v² = 529.5, v = 23.0 மீ/வி. மணிக்கு 83 கி.மீ. புத்தக விடையோடு ஒத்துப்போகிறது.

குறைந்தபட்ச வேகத்துக்கு f-இன் குறி மட்டும் இரண்டு வரியிலும் மாறும்:

v² = rg (tanθ − μ) / (1 + μ tanθ)

மேலே 0.114, கீழே 1.091. v² = 81.9, v = 9.05 மீ/வி. மணிக்கு ஏறத்தாழ 33 கி.மீ.

ஆக, ஈரமான நாளில் இந்த வளைவில் 33-க்கும் 83-க்கும் இடையே எந்த வேகத்திலும் போகலாம். 61 அந்த இடைவெளியின் சரிநடுவில் இல்லை என்பதும் கண்ணில் படும்.

இங்கே நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் இந்த இரண்டு சூத்திரங்களையும் ஒரே படமாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. N, f இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல், சாலை காருக்குத் தரும் மொத்த விசை என்று ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மொத்த விசை இரண்டு வேலை செய்ய வேண்டும்: மேல்நோக்கி mg, மையம் நோக்கி mv²/r. ஆகவே அது நிலைக்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பது வேகத்தை வைத்தே முடிவாகிவிடுகிறது. அந்தக் கோணத்தை φ என்றால் tanφ = v²/(rg). சாலைக்கு என்ன சாய்வு, டயர் எப்படிப்பட்டது என்பதெல்லாம் இதில் வரவே இல்லை. வளைவில் பைக் ஓட்டுபவர் பைக்கைச் சாய்க்கிறாரே, ஏறத்தாழ அதே கோணம்தான் இது.

வேகம் இந்த φ-யைக் கேட்கிறது. சாலை எதைத் தர முடியும்? உராய்வே இல்லாவிட்டால் சாலை தன் பரப்புக்குச் செங்கோணமாக மட்டும் தள்ள முடியும், அதாவது θ சாய்வில். உராய்வு இருந்தால் அந்தத் திசையிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் விலகலாம். எவ்வளவு விலகலாம் என்பதுதான் உராய்வுக் கோணம் λ, tanλ = μ. நம் ஈரச் சாலைக்கு λ = 14°. ஆகவே சாலை தரக்கூடிய சாய்வுகள் 20 − 14 = 6° முதல் 20 + 14 = 34° வரை. வேகம் கேட்கும் φ இந்த விசிறிக்குள் இருந்தால் கார் தடத்தில் நிற்கும், வெளியே போனால் சறுக்கும். எல்லைகள் இரண்டும் உடனே கையில் வந்துவிடுகின்றன:

அதிகபட்சம்: v² = rg tan(θ + λ)
குறைந்தபட்சம்: v² = rg tan(θ − λ)

மேலே எழுதிய நீளமான சூத்திரங்கள் tan(A ± B)-இன் விரிவுதான், வேறொன்றுமில்லை. 784 × tan 34.04° என்று போட்டுப் பாருங்கள், அதே 529 வரும்.

இந்த விசிறிப் படம் இன்னொரு தவறையும் தடுக்கும். எல்லை வேகங்களில் மட்டுமே f = μN. இடைப்பட்ட வேகத்தில் உராய்வு, தேவையான அளவு மட்டும் வரும். உதாரணமாக அதே ஈரச் சாலையில் மணிக்கு 72 கி.மீ., அதாவது 20 மீ/வி. உராய்வு எவ்வளவு என்று கேட்டால் பலர் கைப்பழக்கத்தில் 0.25 × N என்று எழுதுவார்கள். tanφ = 400/784 = 0.51, φ = 27°. சாலையின் இயல்பான சாய்வு 20°. ஆக, உராய்வு ஈடுகட்ட வேண்டிய விலகல் 7° மட்டுமே. tan 7.03° = 0.123. சாலையால் 0.25 வரை தர முடியும், கார் கேட்பது பாதிக்கும் குறைவு. 1200 கிலோ காருக்கு உராய்வு 1,616 நியூட்டன், N 13,100 நியூட்டன். இப்படிக் கணக்கிட, சரிவை ஒட்டிய அச்சு திடீரென்று உதவுகிறது. முடுக்கத்தையே சரிவின் வழியே பிரித்தால் f = m(v²cosθ/r − g sinθ) என்று ஒரே வரியில் கிடைக்கும். முடுக்கத்தைப் பிரிக்க மறக்காதவரை எந்த அச்சும் சரிதான், வசதிதான் வேறு. இந்த வரியில் v-யைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போனால் f குறைந்து, 16.9 மீ/வி வரும்போது பூச்சியமாகி, பிறகு எதிர்க்குறியாகும். உராய்வு திசை திரும்புவது ஒரு தாவல் இல்லை, பூச்சியம் வழியாக அமைதியாக நடக்கும் மாற்றம்.

எல்லைகள் எப்போது காணாமல் போகும் என்பதையும் விசிறியே சொல்கிறது. θ + λ 90°-ஐத் தொட்டால் tan-க்கு முடிவே இல்லை, மேல் எல்லை போய்விடும். μ = 0.7 என்றால் λ = 35°, ஆகவே 55° சாய்விலேயே இது நடக்கும். அதற்கு மேல் கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் காகிதத்தில் சறுக்காது. நிஜத்தில் N ஏறிக்கொண்டே போய் டயரும் சஸ்பென்ஷனும் முதலில் கைவிடும். கடைசி எல்லையாக மரணக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் நட்டுக்குத்து, θ = 90°. மேல் எல்லை இல்லை, கீழ் எல்லை மட்டும் உண்டு: v² = rg/μ. 5 மீட்டர் ஆரமும் 0.7 குணகமும் என்று வைத்தால் 8.4 மீ/வி, மணிக்கு 30 கி.மீ. அதற்குக் கீழே போனால் வழுக்கி இறங்க வேண்டியதுதான்.

20° சாய்வு உண்மையான நெடுஞ்சாலையில் இருக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். tan 20° = 0.364 என்றால் 36 விழுக்காடு சாய்வு. பொதுச் சாலைகளில் வளைவுக்குப் பொதுவாக ஒற்றை இலக்க விழுக்காடுகளில்தான் சாய்வு கொடுப்பார்கள், தாராளமாகக் கொடுத்தாலும் 12 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். அது 7° கூட இல்லை. காரணம் கீழ் எல்லைதான். சாலையில் எல்லாரும் ஒரே வேகத்தில் போவதில்லை. நெரிசலில் வண்டிகள் வளைவிலேயே நிற்கும். பனிக்கட்டி படிந்த சாலையில் குணகம் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது λ 6°-க்கும் குறைவு, சாலை 20° சாய்ந்திருந்தால் நின்ற வண்டி அப்படியே பக்கவாட்டில் உள்விளிம்புக்கு வழுக்கும். பந்தயத் தடத்தில் அந்தக் கவலை குறைவு. அமெரிக்காவின் டேடோனா ஓட்டத்தடத்தில் வளைவுகள் 31° சாய்ந்திருக்கின்றன. நம் கணக்கின் 20° இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, புத்தகத்துக்காகவே போட்ட சாலை.

கணக்கில் சொல்லாமல் விட்டவை இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று, காரைப் புள்ளியாக எடுத்துக்கொண்டோம். புள்ளி சறுக்கும், கவிழாது. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் வரும் எண் μ-வை விடப் பெரிதாக இருக்கும்வரை கார் சறுக்கும்தான், கவிழாது. தாழ்வான காருக்கு அது பெரும்பாலும் 1-க்கு மேல். உயரமாகச் சுமை ஏற்றிய லாரிக்கு அது மிகவும் குறையும், அது சறுக்கும் முன்பே கவிழக்கூடும், நம் மேல் எல்லை அதற்குச் செல்லாது. இன்னொன்று, உராய்வு முழுவதையும் பக்கவாட்டுக்கே செலவு செய்தோம். வளைவில் பிரேக் பிடித்தால் அதே உராய்விலிருந்து ஒரு பங்கு பின்னோக்கி இழுக்கப் போய்விடும். 83 கி.மீ. என்ற எல்லை சீரான வேகத்தில் போகிறவருக்கு மட்டும். அந்த வேகத்தில் போய்க்கொண்டே பயந்து பிரேக்கை மிதிப்பவர் அந்த நொடியிலேயே எல்லையைத் தாண்டிவிட்டார்.

மிச்சம் இருப்பது (இ). காய்ந்த சாலை, μ = 0.7, λ = 35°. மேல் எல்லை: 784 × tan 55°, v² = 1119, v = 33.5 மீ/வி. மணிக்கு 120 கி.மீ. கீழ் எல்லைக்கு அதே சூத்திரத்தில் போட்டால் (0.364 − 0.7)/1.255. v² = −210. இதைப் பார்த்துத்தான் பையன் பயந்து, மூன்று முறை அடித்துத் திரும்ப எழுதியிருந்தான். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி வேறு.

அவன் எங்கும் தவறவில்லை. θ − λ = −15°. விசிறி இப்போது −15° முதல் 55° வரை விரிந்திருக்கிறது. φ = 0 அதற்குள்ளேயே இருக்கிறது. φ = 0 என்றால் v = 0, அதாவது கார் நின்றுகொண்டிருக்கிறது. நின்றாலும் சறுக்காது. சறுக்கத் தொடங்கும் வேகம் எது என்று கேட்டோம், அப்படி ஒரு வேகமே இல்லை என்று சமன்பாடு மைனஸ் மூலம் சொல்கிறது.

எண்ணில் சரிபார்ப்பது எளிது. நிற்கும் காரை எடுத்துக்கொண்டால் பழைய சாய்தளக் கணக்கு இப்போது நியாயமாகவே பொருந்தும், v = 0 அல்லவா. காரைக் கீழே இழுப்பது mg sinθ = 4,022 நியூட்டன். காய்ந்த சாலை தரக்கூடிய உராய்வு 0.7 × 11,050 = 7,735 நியூட்டன். தாராளம். ஈரச் சாலை தரக்கூடியது 0.25 × 11,050 = 2,763 நியூட்டன். போதாது, வழுக்கும். அதனால்தான் (ஆ)வில் கீழ் எல்லை இருந்தது, (இ)யில் இல்லை.

இதை எழுதி அனுப்பினேன். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: "அப்போ விடைல என்ன எழுதணும் சார்? மைனஸ் போட்டா மார்க் குடுக்கமாட்டாங்க."

"tanθ, μ-வை விடக் குறைவு. ஆகவே குறைந்தபட்ச வேகம் இல்லை, கார் அங்கேயே நிற்கலாம் என்று எழுது. பக்கத்தில் 4,022, 7,735 இரண்டையும் போடு."